ஓமெப்ரசோல் கவரில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று ஒட்டியிருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

எங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். இதே தவறு வேறு இடத்திலும் நடக்கலாம்.

மார்ச் மாதம் நெஞ்செரிச்சலுக்காகப் போனேன். இரவில் படுத்தால் தொண்டை வரை புளிப்பு ஏறும், இரண்டு தலையணை வைத்துத்தான் தூங்குவேன். டாக்டர் ஓமெப்ரசோல் 20 மில்லிகிராம், தினம் ஒன்று என்று எழுதினார். முதுகுவலிக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். கவுண்டரில் இரண்டு பிளாஸ்டிக் கவரிலும் ஒரே மாதிரி, சாப்பாட்டுக்குப் பின் என்று ஒட்டிக் கொடுத்தார்கள். வலி மாத்திரைக்கு அது சரி, வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புண்ணாக்கலாம். ஓமெப்ரசோலுக்கு அது தவறு. எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு மாதம் காலைப் பசியாறிய பிறகு ஒழுங்காகப் போட்டேன். எரிச்சல் அப்படியே இருந்தது. திரும்பப் போனேன். எப்போது போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. 20 என்பதை 40 ஆக்கினார்கள், அதே லேபிளை ஒட்டினார்கள். இரண்டு தடவைக்கும் சேர்த்து 130 வெள்ளி. இன்னும் மூன்று வாரம் வீணாய்ப் போனது.

அப்புறம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க பாலிகிளினிக் போனபோது, மருந்து கொடுக்கும் தமிழ்ப் பெண் வேறென்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். கவரை எடுத்துக் காட்டினேன்.

“அங்கிள், இத எப்ப போடுறீங்க?”

“சாப்பிட்டுத்தாம்மா. கவர்லயே போட்டிருக்கே.”

அவர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் ஆள் நின்றும் அவசரப்படாமல் விளக்கினார். வயிற்றின் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் குட்டிப் பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அவை பெருமளவில் ஓடத் தொடங்கும். ஓமெப்ரசோல் ஓடுகிற பம்பைத்தான் பிடித்து அடைக்கும், சும்மா இருக்கும் பம்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மருந்து வயிற்றில் கரைவதும் இல்லை. குடலுக்குப் போய்க் கரைந்து, ரத்தத்தில் கலந்து, அந்த வழியாகத்தான் பம்புக்கு வருகிறது. அதனால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் போட்டால், நாம் சாப்பிட்டுப் பம்புகள் ஓடும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்கும். சாப்பிட்ட பிறகு போட்டால் மருந்து சாப்பாட்டோடு வயிற்றிலேயே தேங்கி, தாமதமாக வருகிறது. அதற்குள் பம்புகள் ஓய்ந்துவிடும். ரத்தத்தில் இந்த மருந்து சில மணி நேரம்தான் நிற்கும், காத்திருக்காது.

சரி என்று மறுநாள் முதல் காலை 6 மணிக்குத் தண்ணீரோடு போட்டேன். நான்கு நாள் ஆகியும் பெரிய மாற்றம் இல்லை. மீண்டும் போய்க் கேட்டேன். “போட்டதுக்கப்புறம் எப்ப சாப்பிடுறீங்க?” என்றார். வேலைக்குப் போகிற வழியில் கோப்பிக்கடையில் ஒரு கோப்பி-ஓ குடிப்பேன், சோறு 12 மணிக்குத்தான். அங்கேதான் கோளாறு. கோப்பி மட்டும் போதாது. முறையான சாப்பாடு இருந்தால்தான் பம்புகள் நன்றாக எழும். மாத்திரை போட்டுவிட்டு மதியம் வரை பட்டினி கிடந்தால் அதுவும் பின்னால் போடுவது போலத்தான்.

இப்போது 6 மணிக்கு மாத்திரை, 6.40க்கு இரண்டு தோசை. டாக்டரிடம் கேட்டு அளவையும் 20க்கே இறக்கிக்கொண்டேன். முதல் நாளே பலன் தெரியவில்லை. எல்லாப் பம்பும் ஒரே வேளையில் ஓடாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைபடும். முழுப் பலன் வர மூன்று, நான்கு நாள் ஆகும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் ஒரே தலையணையில் தூங்கினேன்.

வயிற்று மாத்திரை எல்லாமே இப்படி இல்லை. ஃபாமோடிடின் வேறு வகை, இரவு படுக்கும் முன்னும் கொடுப்பார்கள். எரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளைத் திரவ மருந்தைப் பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கச் சொல்வார்கள். உங்கள் கவரில் என்ன பெயர் என்று பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லி நேரத்தைக் கேளுங்கள். சரியான நேரத்தில் இரண்டு வாரம் போட்டும் குறையவில்லை என்றால் திரும்ப டாக்டரிடம் போங்கள். விழுங்கும்போது சாப்பாடு அடைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

போன வாரம் பழைய கவரை எடுத்துக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குப் போய்ச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “ஆமாம் அங்கிள், முன்னாடிதான் போடணும்” என்றார். லேபிளை மாற்றுவோம் என்றோ, மன்னியுங்கள் என்றோ சொல்லவில்லை. அதே கிளினிக்கில் மருந்து வாங்கும் என் பக்கத்து வீட்டு அக்காவின் ஓமெப்ரசோல் கவரையும் நேற்றுப் பார்த்தேன். அதிலும் பின் என்றே இருக்கிறது.