டிரசீனாவின் கொண்டையை வேர்விடச் செய்தல்: தண்ணீரா, கோகோபீட்டா, விண்பதியமா?

டிரசீனா மார்ஜினாட்டா வளரவளர அடியிலைகளை உதிர்த்துக்கொண்டே போவதால், சில ஆண்டுகளில் மொட்டைத் தண்டும் அதன் உச்சியில் ஓர் இலைக்கொண்டையும் மட்டுமே மிஞ்சும். உதிர்ந்த இடத்தில் இலை மீண்டும் வராது. எனவே, கொண்டையை வெட்டி வேர்விடச் செய்வதே செடியைப் புதுப்பிக்கும் வழியாகும். எங்கள் வீட்டில் ஐந்தடி உயரத்திற்கு வளர்ந்துவிட்ட ஒரு செடியில் மூன்று கிளைகள் இருந்ததால், மூன்று முறைகளையும் ஒரே செடியில் ஒப்பிட முடிந்தது.

தண்ணீரில் வைப்பது எளிது. இலைகளுக்குக் கீழே சுமார் 15 செ.மீ. தண்டு இருக்குமாறு வெட்டி, அடியில் ஐந்து செ.மீ. மட்டும் மூழ்கும்படி வைத்து, வாரம் ஒருமுறை நீரை மாற்றினால் போதும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வெண்ணிற வேர்கள் தெரிந்தன. ஆனால் நீரில் வளர்ந்த வேர்கள் எளிதில் முறிபவை. மண்ணுக்கு மாற்றியபோது சில ஒடிந்ததால் செடி பல நாள்கள் வாடியே நின்றது.

இரண்டாவது கொண்டையை, வெட்டுக்காயம் உலர ஒருநாள் விட்டு, கழுவிய கோகோபீட்டும் ஆற்றுமணலும் சம அளவில் கலந்த தொட்டியில் நட்டேன். வேர் இல்லாத தண்டால் எல்லா இலைகளுக்கும் நீர் அனுப்ப இயலாது என்பதால், அடியிலைகளைக் களைந்து எஞ்சியவற்றைத் தளர்வாகக் கட்டினேன். இம்முறையின் குறை, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதே. தண்டை விரலால் அழுத்தும்போது கொழகொழவென்று இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். உறுதியான வெண்மையான பகுதி வரும்வரை வெட்டிவிட்டு மீண்டும் நட வேண்டும்.

விண்பதியத்தில் கொண்டை தாய்ச்செடியிலேயே இருந்து நீர் பெறுவதால் வாடுவதில்லை. கொய்யாவுக்குச் செய்வதுபோல் இங்கே பட்டையை வளையமாக உரிப்பதில் பயனில்லை. டிரசீனா ஒருவித்திலைத் தாவரம் என்பதால் அதன் சாற்றுக்குழாய்கள் பட்டைக்கு அடியில் வளையமாக இல்லாமல் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. ஆகையால், தண்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குவரை மேல்நோக்கிச் சாய்வாகக் கீறி, கீறல் மூடிக்கொள்ளாதபடி ஒரு தீக்குச்சியைச் செருகி, ஈரமான கோகோபீட்டைப் பொதிந்து பாலித்தீனால் இறுகக் கட்ட வேண்டும். வேர்கள் பாலித்தீன் வழியே தெரிந்த பிறகே அதற்குக் கீழே வெட்டலாம்.

பெருவிரல் தடிமனுக்குள் உள்ள தண்டுகளுக்குக் கோகோபீட் கலவையையே நான் தேர்வேன். கொண்டை கனமாகவும் தண்டு முதிர்ந்ததாகவும் இருந்தால், உழைப்பு கூடினாலும் விண்பதியமே பாதுகாப்பானது.

எந்த முறையானாலும் வெட்டப்பட்ட அடித்தண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெட்டுக்குச் சற்றுக் கீழே உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் சில வாரங்களில் துளிர்க்கும். இலைகளே இல்லாத அத்தண்டு மிகக் குறைவாகவே நீரை உறிஞ்சும் என்பதால், துளிர் விரியும்வரை மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். எங்கள் செடியின் ஒரு கிளை பழைய அளவிலேயே நீர் ஊற்றியதால் அழுகிப் போயிற்று.