32 பக்கம், ஒரு ஃபோன்: வெறும் கேமராவா, ஸ்கேன் ஆப்பா?

கையால் எழுதிய 16 தாள்கள். இரண்டு பக்கமும் எழுத்து, ஆக 32 பக்கம். எழுத்தெல்லாம் நீல பால்பாயிண்ட் பேனா, ஓரங்களில் மட்டும் பென்சில் குறிப்புகள். இதை ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை ஃபோனின் சாதாரண கேமராவில் எடுத்துப் பிறகு சேர்த்தேன். இன்னொரு தடவை ஸ்கேன் ஆப்பில் எடுத்தேன். ஐஃபோனில் நோட்ஸிலும், ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவிலும் ஸ்கேன் செய்யும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதற்கென்று தனியாக எதுவும் தேடிப் போக வேண்டாம்.

முதலில் வெளிச்சம். இதில் இரண்டு வழிக்கும் வித்தியாசமே இல்லை. வெளிச்சம் சரியில்லை என்றால் இரண்டுமே தோற்கும். பெரும்பாலும் நாம் செய்வது, கூரை விளக்குக்குக் கீழே மேஜையில் தாளை வைத்துக் குனிந்து எடுப்பது. அப்போது நம் தலையும் ஃபோனும் விளக்கை மறைத்து, தாளின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விழும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆப் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது அந்த நிழல் கருந்திட்டாக வந்து நிற்கும். சரி, ஃபிளாஷ் போட்டால்? நடுவில் வெள்ளைப் பொட்டு, ஓரங்களில் இருட்டு. அதைவிட மோசம் பென்சில் எழுத்து. அதன் கரி பளபளப்பானது என்பதால் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அடித்துத் தாளின் நிறத்திலேயே கரைந்துவிடும்.

எனக்கு நன்றாக வந்தது, பகலில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேஜையைப் போட்டு, கூரை விளக்கை அணைத்துவிட்டு எடுத்தது. விளக்கும் எரிந்தால் தாளின் ஒரு பக்கம் நீலம் தட்டும், மறுபக்கம் மஞ்சள் அடிக்கும். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. தாளின் மேல் ஒரு பேனாவைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் கூர்மையாகக் கறுப்பாக விழுந்தால் நேர் வெயில் வருகிறது என்று அர்த்தம், மேஜையைச் சற்று உள்ளே தள்ள வேண்டும். நிழல் மங்கலாக, ஓரம் கரைந்தாற்போல் விழுந்தால் தொடங்கிவிடலாம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருண்டு தெரிந்தால் அங்கே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினாலே போதும், வெளிச்சம் திரும்பி விழும்.

தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளை மேஜையில் வெள்ளைத் தாளை வைத்தால் ஆப்புக்கு விளிம்பே பிடிபடாது. கறுப்பு அட்டை ஒன்றை அடியில் போட்டேன். விளிம்பு உடனே பிடிபட்டது, பின்பக்கத்து மை முன்பக்கம் தெரிவதும் நன்றாகவே குறைந்தது. மெல்லிய தாளுக்கு இது பெரிய உதவி.

அடுத்தது பக்க வரிசை. இரண்டு வழிகளும் பிரிவது இங்கேதான். சாதாரண கேமராவில் எடுத்தால் 32 படமும் கேலரியில் மற்ற படங்களோடு கலந்து கிடக்கும். பிடிஎஃப் ஆக்கத் தேர்ந்தெடுக்கும்போது சில ஆப்கள் நாம் தொட்ட வரிசையை எடுத்துக்கொள்ளும், சில புதிய படத்தை முதலில் வைக்கும். எனக்கு முதல் தடவை 32-ஆம் பக்கத்தில் தொடங்கி 1-இல் முடிந்தது. கணினியில் கோப்புப் பெயரை வைத்துச் சேர்த்தால் வேறு ஒரு வம்பு: 1, 2 என்று பெயர் வைத்திருந்தால், சில நிரல்களில் 1-க்கு அடுத்து 10 வந்து உட்காரும். 01, 02 என்று வைத்தால்தான் தப்பிக்கலாம்.

ஸ்கேன் ஆப்பில் எடுத்த வரிசையே கோப்பின் வரிசை. ஆனால் அதிலுள்ள தானாகப் படம்பிடிக்கும் வசதிக்கு அவசரம் அதிகம். தாளைத் திருப்பும்போதே கையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துவிடும், அல்லது ஒரே பக்கத்தை இரண்டு முறை எடுக்கும். என் முதல் முயற்சியில் எண்ணிக்கை 34 காட்டியது. தானியங்கியை அணைத்து, பட்டனை நானே அழுத்திய பிறகு அந்தத் தொல்லை போயிற்று. ஒவ்வொரு பத்துப் பக்கத்துக்கும் ஒருமுறை திரையில் உள்ள எண்ணையும் கையில் உள்ள பக்க எண்ணையும் ஒப்பிட்டேன். 20-இல் 18 காட்டினால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் திருப்பாமல், முன்பக்கங்களை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் பின்பக்கங்களை எடுப்பது வேகமாகத்தான் இருக்கிறது. எடுத்த தாளைக் கவிழ்த்துக் கவிழ்த்து அடுக்கினால் இரண்டாவது சுற்று 32-இல் தொடங்கி 2-இல் முடியும். கணினியில் qpdf என்ற நிரல் இருந்தால் இரண்டு சுற்றின் கோப்புகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கலாம், `z-1` என்பது பின்னிருந்து எடு என்று சொல்வது:

```
qpdf --empty --collate --pages odd.pdf even.pdf z-1 -- all.pdf
```

ஆனால் ஒரு சுற்றில் ஒரு பக்கம் விட்டுப்போனாலும் கோர்வை முழுதும் பிசகும். 32 பக்கத்துக்கு நான் இதைச் செய்ய மாட்டேன், தாளைத் திருப்பியே எடுப்பேன்.

விளிம்பு வெட்டுவதில் ஆப்புக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. கொஞ்சம் சாய்ந்து எடுத்தாலும் நான்கு மூலைகளையும் இழுத்து நேர் செவ்வகமாக்கித் தருகிறது. சாதாரண கேமரா படத்தில் இதை 32 தடவை கையால் செய்வது பெரும்பாடு. ஆனால் ஆப் ஏமாறும் இடமும் உண்டு. தாளில் கட்டம் போட்ட அட்டவணை இருந்தால் அந்தக் கட்டத்தையே தாளின் விளிம்பு என்று நினைத்து வெட்டும். என் 14-ஆம் பக்கத்தில் அப்படித்தான் மேலே இருந்த தலைப்பும் ஓரத்துப் பென்சில் குறிப்பும் காணாமல் போயின. சேமிப்பதற்கு முன்னால் பார்த்ததால் மூலைகளை வெளியே இழுத்துவிட்டேன். பிடிஎஃப் ஆகச் சேமித்த பிறகு பார்த்திருந்தால் வெட்டுப்பட்டது போனதுதான். சாதாரண கேமராவில் அந்தப் பயம் இல்லை, முழுப்படம் கேலரியிலேயே இருக்கும். இன்னொன்று, ஆப் நேராக்குவது தட்டையான தாளைத்தான். தைத்த நோட்டின் நடுவில் வளைந்து போகும் வரிகளை இந்த நேராக்கல் சரிசெய்யாது.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12 மெகாபிக்சல் படம் 4032 × 3024 புள்ளிகள். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளியில் பதிய 3508 × 2480 வேண்டும். தாள் திரையை ஏறக்குறைய நிரப்பினால் அது கிடைத்துவிடும், பாதியளவு நின்றால் பொடி எழுத்து குழம்பும். நிரப்புவதற்காக மிக அருகே போகவும் கூடாது. சில ஃபோன்கள் தாமாக அகலக் கோண லென்ஸுக்கு மாறி, ஓரத்து எழுத்தை மங்கலாக்கிவிடும்.

கடைசியாக ஃபில்டர். கறுப்பு வெள்ளை பேனா எழுத்தை அச்சுப்போல் காட்டியது, ஆனால் பென்சில் குறிப்புகளில் பாதியைத் துடைத்துவிட்டது. சாம்பல் நிற ஃபில்டரில் தாள் அவ்வளவு வெள்ளையாக இல்லை, கோப்பும் பெரிதானது. ஆனால் ஒரு குறிப்பும் போகவில்லை. அச்சடித்த தாளாக இருந்தால் கறுப்பு வெள்ளையே போதும். இந்த 16 தாளுக்கு ஆப், கையால் பட்டன், சாம்பல் ஃபில்டர் என்று முடிவு செய்தேன். அட்டவணை இருந்த 4 பக்கங்களை மட்டும் சாதாரண கேமராவிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.