விகிதக் கணக்கில் வரிசை மாறினால் எந்தச் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்கும்?

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விகித சமம் நடத்தும்போது, விடையைச் சரிபார்க்க எந்த வழியைப் பழக்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. வழக்கத்தில் இருப்பவை மூன்று. கிடைத்த விடையை எழுதிய சமன்பாட்டிலேயே போட்டுக் குறுக்கே பெருக்கிப் பார்ப்பது ஒன்று. விடை கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று யோசித்துப் பார்ப்பது இன்னொன்று. கணக்கில் மாறாமல் இருக்கும் அளவு எது என்று கண்டுபிடித்து, அது பழைய நிலையிலும் புதிய நிலையிலும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது மூன்றாவது. நான் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டேன். கூட்டல், பெருக்கல் பிழையைக் கண்டுபிடிக்க முதலாவதும் மூன்றாவதும் உதவும்; இரண்டாவது, விடை தப்பான திசையில் போனால் மட்டும் காட்டிக்கொடுக்கும். அளவுகளை வரிசை மாற்றி எழுதிவிட்ட பிழைக்கோ மூன்றும் வேறுவேறாக நடந்துகொள்கின்றன.

எளிய கணக்கு ஒன்றை வைத்தே பார்க்கலாம். 5 கிலோ அரிசி 280 ரூபாய் என்றால் 8 கிலோ எவ்வளவு? நோட்டில் இப்படி ஒரு வரி வருகிறது:

5 : 8 = x : 280

5 கிலோவுக்கு எதிரே அதன் விலையான 280 வர வேண்டும். இங்கே 8 கிலோவுக்கு எதிரே 280 உட்கார்ந்துவிட்டது. குறுக்கே பெருக்கினால் 8x = 1400, ஆகவே x = 175. சரியான விடை 448.

இப்போது முதல் வழியில் சரிபார்க்கிறோம். முனைகளில் இருக்கும் 5, 280 இரண்டையும் பெருக்கினால் 1400. நடுவில் இருக்கும் 8, 175 இரண்டையும் பெருக்கினாலும் 1400. அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகிறது. "சார், ரெண்டு பக்கமும் 1400 வருதே, அப்புறம் எப்படித் தப்பு?" என்று பிள்ளை கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. x-இன் மதிப்பு அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் வந்தது. அதையே திரும்ப அதில் போட்டால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? பெருக்கல் வகுத்தல் சரியாக நடந்திருக்கிறது என்று மட்டும்தான் இந்தச் சோதனை சொல்கிறது. சமன்பாடு கேள்விக்குப் பொருந்துகிறதா என்பது அதன் காதில் விழவே விழாது. வரிசைப் பிழைக்கு இது உதவாது என்பதோடு நிற்கவில்லை. தவறான விடைக்கு 'சரி' என்று முத்திரையும் குத்திவிடுகிறது. அதனால் விகிதப் பாடத்தில் இதைச் சரிபார்ப்பு என்று சொல்லிக்கொடுப்பதையே விட்டுவிட்டேன்.

இரண்டாவது வழி நல்ல வழி. 8 கிலோ வாங்கினால் 5 கிலோவை விடக் கூடத்தான் ஆகும், 175 என்பது 280-ஐ விடக் குறைவு, ஆகவே தவறு. பேனாவைத் தொடாமலே முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு விகிதம் உள்ள கணக்குகளில் வரிசை மாறினால் விடை கட்டாயம் எதிர்த்திசையில்தான் போகும் என்பதால், இது தப்பவிடாது. 12 பேர் 20 நாளில் முடிக்கும் வேலையை 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்ற கணக்கில் யாராவது 12 : 15 = 20 : x என்று எழுதி 25 கொண்டுவந்தாலும், ஆள் கூடினால் நாள் குறையும் என்ற ஒரு வரி போதும். நேரம் குறைவான தேர்வில் இருப்பவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

ஆனால் இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும்போது இந்த வழி தடுமாறுகிறது. 8 பேர் தினமும் 4 மணி நேரம் வேலை செய்து 12 நாளில் ஒரு வேலையை முடிக்கிறார்கள். 6 பேர் தினமும் 8 மணி நேரம் செய்தால் எத்தனை நாள்? ஆள் குறைகிறது, அதனால் நாள் கூட வேண்டும். மணி கூடுகிறது, அதனால் நாள் குறைய வேண்டும். மொத்தத்தில் கூடுமா குறையுமா? சட்டென்று சொல்ல முடியாது. இரண்டு விகிதங்களையும் தலைகீழாகப் போட்டவருக்கு 12 × 6/8 × 8/4 = 18 வருகிறது. அதுவும் முழு எண், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு விகிதத்தையும் தனித்தனியாக எடுத்து, இது கூட்டுமா குறைக்குமா என்று கேட்டால் பிழை அகப்படும். அது உண்மைதான். ஆனால் அதற்குள் கணக்கை முதலிலிருந்து ஒருமுறை போட்டு முடித்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆள் குறைந்ததைப் பற்றி முதலில் தவறாக நினைத்தவர் இரண்டாம் முறையும் அப்படியே நினைக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது வழியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கணக்கில் எது மாறவில்லை? அரிசிக் கணக்கில் கிலோ மாறுகிறது, ரூபாய் மாறுகிறது. ஒரு கிலோவின் விலை மாறவில்லை. கேள்வியில் கொடுத்த 280-ஐ 5-ஆல் வகுத்தால் கிலோ 56 ரூபாய். நம் விடையான 175-ஐ 8-ஆல் வகுத்தால் கிலோ 22 ரூபாய் கூட இல்லை. ஒரே கடை, ஒரே அரிசி, அது எப்படி? 448-ஐ 8-ஆல் வகுத்தால் 56. முடிந்தது. ஓரலகு முறை என்று ஆறாம் வகுப்பில் படிப்பதுதான் இது. அங்கே விடை காணப் பயன்படுகிறது, இங்கே விடையை விசாரிக்கப் பயன்படுகிறது.

வேலைக் கணக்கில் மாறாதது வகுத்து வருவதல்ல, பெருக்கி வருவது: மொத்த வேலை. 12 பேர் 20 நாள் என்றால் 240 ஆள்-நாள். 15 பேர் 25 நாள் என்றால் 375 ஆள்-நாள். அதே வேலைக்கு 135 ஆள்-நாள் எங்கிருந்து கூடியது? 15 பேர் 16 நாள் என்றால் 240. மூன்று அளவு உள்ள கணக்கிலும் இதே கதைதான். 8 × 4 × 12 = 384 ஆள்-மணி. 18 நாள் என்ற விடைக்கு 6 × 8 × 18 = 864. இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. சரியான விடையான 8 நாளுக்கு 6 × 8 × 8 = 384. கூடுமா குறையுமா என்று தடுமாறிய இடத்தில் இது ஒரே பெருக்கலில் முடிகிறது.

நான் இந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம் வேகமல்ல. சரிபார்ப்பு எதிலிருந்து தொடங்குகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதல் வழி நாம் எழுதிய வரியிலிருந்து தொடங்குகிறது. அந்த வரியே கோணல் என்றால் எல்லாம் கோணல். மூன்றாவது வழி கேள்வியிலிருந்து தொடங்குகிறது. நாம் x-ஐ எங்கே வைத்தோம், எதை மேலே எழுதினோம் என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை.

இதற்கும் ஓர் ஓட்டை உண்டு. மாறாதது எது என்பதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இதுவும் ஏமாறும். அரிசிக் கணக்கில் ஒருவர் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டார் என்று வையுங்கள்: 5 × 280 = 1400, 8 × 175 = 1400. பழைய குழிக்குள்ளேயே போய் விழுந்தாயிற்று. அதனால் பிள்ளைகளிடம் நான் விடாமல் கேட்பது, அந்த எண்ணுக்கு அலகோடு பெயர் சொல்லச் சொல்வது. 56 என்றால் 'கிலோவுக்கு 56 ரூபாய்'. 240 என்றால் '240 ஆள்-நாள் வேலை'. 1400 என்றால்? கிலோவையும் ரூபாயையும் பெருக்கினால் வருவது என்ன? சொல்ல வாயில் எதுவும் வராது. பெயர் சொல்ல முடியாத எண் மாறாத அளவாக இருக்காது என்று வைத்துக்கொண்டால், பள்ளிக் கணக்குகளில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். வேலைக் கணக்கை நேர் விகிதமாக எடுத்தவர் 20-ஐ 12-ஆல் வகுத்து 'ஒரு ஆளுக்கு இத்தனை நாள்' என்று சொல்லப் பார்ப்பார். அந்தப் பெயர் காதுக்குப் பொருத்தமாகத்தான் கேட்கும். அந்த ஓர் இடத்தில் மட்டும் கூடுமா குறையுமா என்ற இரண்டாவது வழியையும் துணைக்கு அழைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வகுத்தால் தசமம் நீளுமே என்று சிலர் தயங்குவார்கள். சரிபார்ப்புக்குத் தோராயம் போதும். வரிசை மாறிய விடை சற்றே பிசகி நிற்பது அபூர்வம். 56-க்கும் 22-க்கும் உள்ள தூரத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். ஆனால் 9-லிருந்து 10-க்குப் போவது போல இரண்டு அளவும் அருகருகே இருந்தால் அந்தத் தூரம் சுருங்கிவிடும். அப்போது மட்டும் துல்லியமாக வகுக்க வேண்டும்.

கொள்குறி வகைத் தேர்வு எழுதுபவர்களுக்கு இடையில் ஒன்று. ஒற்றை விகிதக் கணக்கில் சரியான விடையையும் தலைகீழ் விடையையும் பெருக்கினால், கேள்வியில் அதே அலகில் கொடுத்த எண்ணின் வர்க்கம் வரும். 448 × 175 = 78,400; அது 280-இன் வர்க்கம். 16 × 25 = 400; அது 20-இன் வர்க்கம். மேலே பார்த்த மூன்று அளவுக் கணக்கில் விகிதங்கள் எல்லாமே தலைகீழானதால் அங்கும் 8 × 18 = 144, அதாவது 12-இன் வர்க்கம். கொடுத்த நான்கு விடைகளில் இப்படி ஒரு ஜோடி தெரிந்தால், வரிசை மாற்றுபவர்களுக்காகவே அந்த இரண்டில் ஒன்று வைக்கப்பட்டிருக்கலாம். எது சரி என்பதை இது சொல்லாது. எங்கே நிதானிக்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

பங்கு பிரிக்கும் கணக்கில் என் வழி அப்படியே செல்லுபடியாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'மாலாவின் பங்குக்கும் கலாவின் பங்குக்கும் உள்ள விகிதம் 4 : 5. மொத்த லாபம் 4,500 ரூபாய். கலாவின் பங்கு என்ன?' கேட்டது கலாவை என்பதால் முதல் எண்ணைக் கலாவுக்குக் கொடுத்து 2,000 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும். இங்கே மாறாத அளவு ஒரு பங்கின் மதிப்பு. 4,500-ஐ 9-ஆல் வகுத்தால் 500. தவறான விடையிலும் அதே 500தான். கூட்டிப் பார்த்தாலும் 2,000 + 2,500 = 4,500 என்று சரியாக வரும். கூடுமா குறையுமா என்று கேட்கவும் இங்கே பழைய அளவு, புதிய அளவு என்று எதுவும் இல்லை. மூன்று வழியும் கைவிட்ட இடம் இது. இதற்கு நான் வைத்திருப்பது, விடைகளைப் பெயரோடு கேள்வி வாக்கியத்திலேயே பொருத்தி வாசிக்கச் சொல்வதுதான்: "மாலாவின் பங்கு 2,500-க்கும் கலாவின் பங்கு 2,000-க்கும் உள்ள விகிதம் 5 : 4." கேள்வி 4 : 5 என்கிறது. கலாவுக்கு 2,500 என்று மாற்றினால் வாக்கியம் பொருந்துகிறது.

பத்தாம் வகுப்புக்கு மேலே, வேதியியலில் வரும் மோல் கணக்குகளுக்கு இதை நான் பழக்கிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த அளவில் அலகுக்குப் பெயர் சொல்லும் பழக்கம் அங்கும் கைகொடுக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பாடம் எடுப்பவர்கள்.