எலி ஓட்டையை அடைக்க ஃபோமா, கம்பி நாரா?

இரண்டையும் என் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் வருடம் டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஃபோம், அடுத்த வருடத்திலிருந்து கம்பி நாரும் சிமென்ட் பூச்சும். நான் இப்போது எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அறுவடை முடிந்ததும் எலி வீட்டுக்கு வருவது தீனி இல்லாமல் போனதால்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான். சிந்திய தானியம் வயலில் கொஞ்ச நாள் கிடக்கவே செய்யும். உடனடியாகப் போவது மறைவு. நேற்றுவரை தலைக்கு மேல் நின்ற பயிர் இல்லாமல் வெட்ட வெளியாகிவிட்டால், ஆந்தைக்கும் பூனைக்கும் எலி பளிச்சென்று தெரியும். குளிர் இன்னொரு காரணம். சுண்டெலி 20 கிராம் அளவு எடைதான் இருக்கும். அவ்வளவு சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். இரவில் சுவரோரமாக மீசையை உரசிக்கொண்டே ஓடும்போது, ஒரு சந்திலிருந்து வெதுவெதுப்பான காற்றும் சாப்பாட்டு வாசனையும் வந்தால் அங்கே நின்றுவிடும். பென்சில் நுழையும் இடைவெளி, அதாவது 6, 7 மில்லிமீட்டர், அதற்குப் போதும்.

ஃபோமின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பீய்ச்சினால் உப்பி, கோணல்மாணலான பொந்தையும் நிரப்பும். காற்றும் வராது. பத்து நிமிட வேலை. எங்கள் சமையலறையில் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் அதைத்தான் அடித்தேன். குழாய் 25 மில்லிமீட்டர், துளையோ 45. குழாய் ஒரு பக்கம் ஒட்டி நின்றதால் மறுபக்கம் விரல் நுழையும் சந்து. குளிர் தொடங்கிய இரண்டாவது வாரம், குழாய்க்கு அடியில் மஞ்சள் துகள்கள் உதிர்ந்து கிடந்தன. ஃபோம் தானாக உதிர்கிறது என்று நினைத்து மேலே இன்னொரு அடுக்கு அடித்தேன், புத்திசாலி! மறுநாள் அதிலும் வட்டமாக ஒரு வழி. எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்குக் கடிப்பது செலவே இல்லை. ஃபோம் அதன் பல்லுக்குத் தடையே இல்லை.

கம்பி நாரில் வேலை கூடுதல். பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்து, தூசி தட்டி, நாரைத் திருகித் திருகி ஸ்க்ரூடிரைவரால் நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறுக்கினேன். விரலால் இழுத்தால் வரக்கூடாது. வெளிப்புறம் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு, ஒன்றுக்கு மூன்று சிமென்ட் மணல் கலவையைப் பூசி, மூன்று நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். வெறும் பூச்சு மட்டும் போதாதா? போதாது. குழாய் சூட்டிலும் குளிரிலும் அசைவதால் அதைச் சுற்றி மெல்லிய விரிசல் விழும். அங்கிருந்து எலி சுரண்ட ஆரம்பித்தாலும் உள்ளே பல்லில் சிக்குவது கம்பி.

இரண்டுக்கும் இடையில் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். ஃபோம் போட்டால் ஒவ்வொரு குளிருக்கு முன்பும் எல்லா இடத்தையும் குனிந்து பார்த்தாக வேண்டும். வெயில் படும் இடத்தில் எலி தொடாமலேயே பழுத்துப் பொடியும். கம்பி நாரிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண இரும்பு நார் ஈரச் சுவரில் துருப்பிடித்துத் தூளாகிவிடும், சுவரில் செம்பழுப்புக் கறையும் இறங்கும். துருப்பிடிக்காத எஃகு நார்தான் வாங்க வேண்டும். நான் போட்டு மூன்று குளிர் தாண்டியாகிவிட்டது, அசையவில்லை. பத்து வருடம் தாங்குமா என்று கேட்டால், என் அனுபவம் அவ்வளவு தூரம் போகவில்லை.

ஃபோமை அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். கைக்கு எட்டாத ஆழப் பொந்தில் முதலில் நாரைத் திணித்து, அதைப் பிடித்து நிறுத்தும் பசையாக ஃபோமை அடிக்கலாம். காற்றுத் துளைகளில் இரண்டுமே வேண்டாம். 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை ஆணியடித்தால் காற்றும் போகும்.

எதைப் போட்டாலும் பயிர் நிற்கும்போதே போடுங்கள். தாமதமாகிவிட்டதா? ஓட்டையில் கசக்கிய காகிதத்தைத் தளர்வாகச் செருகி வையுங்கள். இரவில் அது வெளியே தள்ளப்பட்டிருந்தால் வழி புழக்கத்தில் இருக்கிறது. அப்படியே அடைத்தால் எலியை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். முதலில் உள்ளே பொறி வைத்துப் பிடித்துவிட்டு, மூன்று நாலு இரவு காகிதம் அசையாமல் இருந்த பிறகு கலவையைக் குழையுங்கள்.