அம்மாவின் ஆஸ்பத்திரிக் கணக்கை டொரண்டோவிலிருந்து பார்க்கிறேன்: இரண்டு வருட அனுபவம்

அம்மாவின் ஆஸ்பத்திரி இணையக் கணக்கை அவருக்குப் பதிலாக நான் பார்க்கப் பதிலாள் அனுமதி எடுத்திருக்கிறேன். சூரிச்சில் இருக்கும் தோழி தன் அப்பாவுக்கும் இதை எடுக்கலாமா என்று போன வாரம் கேட்டாள். அவளுக்கு எழுதியதையே இங்கேயும் போடுகிறேன்.

அம்மா களுவாஞ்சிக்குடியில் தனியாக இருக்கிறார். சீனி வருத்தத்துக்கு மட்டக்களப்பிலுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். முதல் ஆறு மாதம் அம்மாவின் கணக்கிலேயே நான் நுழைந்தேன். ஒவ்வொரு முறையும் ஓடிபி அவருடைய போனுக்குத்தான் போகும். நான் எடுத்துக் கேட்பேன், அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒரு நாள் "மகள், வங்கியிலிருந்து ஒரு தம்பி நம்பர் கேட்டார், சொல்லட்டா?" என்று கேட்டார். நெஞ்சு திக்கென்றது. போனில் கேட்டால் இலக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று அவரைப் பழக்கியது நான்தான்.

அதற்குப் பிறகுதான் பதிலாள் அனுமதி எடுத்தோம். அம்மா அடையாள அட்டையோடு நேரில் போய்ப் படிவத்தில் கையொப்பம் வைத்தார், நான் கடவுச்சீட்டுப் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினேன். இப்போது எனக்கென்று தனிக் கணக்கு, ஓடிபியும் என் போனுக்கே வருகிறது. படிவத்தில் 'அப்பாயின்மென்ட் மட்டும்', 'ரிப்போர்ட்டும் சேர்த்து' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவதில் அடையாளம் போடுங்கள், இல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனை முடிவு கண்ணில் படாது. ஒரு வருடத்தில் காலாவதியாகும், புதுப்பிக்க அம்மா மறுபடியும் நேரில் போக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை.

எனக்குப் பொறுக்காதது வேறு. நேரம் எடுத்தால் எனக்கு மின்னஞ்சல் வரும், டாக்டர் வராவிட்டாலோ அந்தச் செய்தி அம்மாவின் போனுக்கு மட்டும்தான், அதுவும் ஆங்கிலத்தில். போன ஜூனில் ஒரு சனிக்கிழமை, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்ப்பதாக ஏற்பாடு. விடிய ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தால், கொழும்பிலிருந்து வருகிற டாக்டர் அன்றைக்கு இல்லை. தேநீர்கூடக் குடிக்காமல் வாங்கில் உட்கார்ந்துகொண்டு என்னை எடுத்தார். எனக்கு அப்போது வெள்ளி இரவு பத்து மணி. கணக்கைத் திறந்தால் Rescheduled என்று நிற்கிறது, முதல் நாள் மத்தியானமே மாற்றியிருக்கிறார்கள்! எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் போதுமே.

வரவேற்பில் பேசியபோது, பதிவில் 'அறிவித்தல் பெறுபவர்' என்று தனி இடம் இருப்பதாகச் சொன்னார்கள். அம்மாவின் கடிதத்தோடு என் மின்னஞ்சலை அதில் சேர்த்தோம். அம்மாவின் இலக்கத்தையே மாற்றி உங்கள் இலக்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள், பிறகு ஆஸ்பத்திரி அவரை நேரே அழைக்க வழியிருக்காது. இவ்வளவும் செய்தும் இரண்டு முறை எனக்கு அறிவித்தல் வரவில்லை. அதனால் கிளினிக்குக்கு முதல் நாள், ஊரில் மாலை ஏழு மணிக்கு, இங்கே கோடையில் காலை ஒன்பதரைக்கு, குளிர்காலத்தில் எட்டரைக்கு, கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் "நாளைக்குப் போங்கம்மா" என்கிறேன்.

தோழிக்கு எடுக்கச் சொல்லித்தான் எழுதினேன். ஆனால் அப்பாவின் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் இலக்கத்தையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.