ப்ரமோட்டர் ப்ளெட்ஜ் குறைஞ்சிருக்குன்னு யாராவது சொன்னா வாங்குறதுக்கு முன்னாடி இத படிங்க

கடலூர் மஞ்சக்குப்பத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். பண்ருட்டி பக்கம் எங்க தாத்தா காலத்து பலாத் தோப்புல என் பங்க வித்த காசுல ஒரு பகுதிய எடுத்து ஒரு கம்பெனி ஷேர் 58 ரூபாய்க்கு 6,000 வாங்கினேன், மூணு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம். வெளிய வரும்போது கைக்கு வந்தது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். கம்பெனி பேரும் சொல்லல, சொன்னவர் பேரும் சொல்லல, ஆனா எப்படி ஏமாந்தேன்னு முழுசா சொல்றேன், ஏன்னா அவர் காட்டுன நம்பர் எல்லாமே உண்மையான நம்பர்தான். அதுதான் இதுல ஆபத்தே.

பாண்டில ஒரு ப்ரோக்கர் ஆபீஸ்ல டிரேடிங் பாத்துக்குறவர், எங்க கடைக்கு மருந்து சப்ளை பண்ற ஒருத்தர் மூலமா பழக்கம், நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். ஏப்ரல் கடைசில போன் பண்ணி "தம்பி, 80 ரூபாய்ல இருந்த ஷேர் 58க்கு கிடைக்குது, டிசம்பர்ல ப்ரமோட்டரோட ப்ளெட்ஜ் 71 சதவீதம், மார்ச்ல 63 ஆயிடுச்சு, கடன அடைச்சிட்டு வர்றாங்க, போதாததுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி புதுசா நாலரை சதவீதம் உள்ள வந்திருக்கு, பெரிய ஆளுங்க வாங்குறாங்க"ன்னாரு. ஆப்ல தொறந்து பாத்தேன், 71ம் இருந்துச்சு 63ம் இருந்துச்சு. அவர் பொய் சொல்லலன்னு தெரிஞ்ச உடனே வாங்கிட்டேன்.

ப்ளெட்ஜ்னா வேற ஒண்ணும் இல்ல, நாம நகைய அடகு வைக்கிற மாதிரி கம்பெனி முதலாளி தன் ஷேர அடகு வச்சு கடன் வாங்குறது. ஷேர் அவர் பேர்லயேதான் இருக்கும், அதனால ப்ரமோட்டர் ஹோல்டிங் 62 சதவீதம்னு பாத்தா நமக்கு தெம்பாத்தான் இருக்கும். ஆனா நகைக் கடனுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. நகைய ஏலம் விடுறதுக்கு முன்னாடி நோட்டீஸ் வரும், தவணை கேக்கலாம், அதோட நம்ம தெருவுல நாலு பேரு நகை ஏலம் போனா தங்கம் விலை இறங்காது. இங்க ஷேர் விலை இறங்குனா கடன் குடுத்தவன் இன்னும் கொஞ்சம் ஷேர் வை இல்லன்னா பணம் கட்டுன்னு கேப்பான், கொஞ்ச நாள்ல ரெண்டும் நடக்கலன்னா அடகுல இருக்குறத தன் பேருக்கு மாத்திப்பான், அதுக்கு இன்வோக் பண்றதுன்னு பேரு, மாத்தி மார்க்கெட்ல விப்பான். அவன் விக்கிறதாலேயே விலை இன்னும் இறங்கும், இறங்குனா மிச்ச அடகுக்கும் அதே பிரச்சனை வரும்.

இப்ப என் கேஸுக்கு வர்றேன். நாலு நாள் ராத்திரி கடை மூடுனப்புறம் உக்காந்து எக்ஸ்சேஞ்ச் சைட்ல யார்கிட்ட எத்தன ஷேர் இருக்குன்னு காட்டுற ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன் ரெண்டு காலாண்டுக்கும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன். லிஸ்டட் கம்பெனி எல்லாம் காலாண்டு முடிஞ்சு 21 நாளுக்குள்ள அத போட்டாகணும், யார் வேணா இலவசமா பாக்கலாம். மொத்தம் ரெண்டு கோடி ஷேர் உள்ள சின்ன கம்பெனி. டிசம்பர்ல ப்ரமோட்டர்கிட்ட 1 கோடியே 24 லட்சம் ஷேர், அதுல அடகு 88 லட்சம். 88ஐ 124ஆல வகுத்தா 71 சதவீதம். மார்ச்ல அடகு 62 லட்சம், அதாவது 26 லட்சம் குறைஞ்சிருக்கு. கடன அடைச்சு மீட்டிருந்தா அந்த 26 லட்சமும் ப்ரமோட்டர் கையிலேயே இருக்கணும், அவரோட மொத்தம் 1 கோடியே 24 லட்சமாவே நிக்கணும். ஆனா அவரோட மொத்தமும் 98 லட்சமா இறங்கியிருக்கு. அதே 26 லட்சம் அங்கயும் காணோம். 62 சதவீதம் இருந்த ஹோல்டிங் 49 ஆயிடுச்சு. அடகு மீளல, முழுகிப் போயிருக்கு. முழுகுனது கணக்குல இருந்து போயிட்டதால 62ஐ 98ஆல வகுத்தா 63 சதவீதம்னு வருது, பாக்குறவனுக்கு கடன் குறைஞ்ச மாதிரியே தெரியும்.

நான் ஆப்ல ப்ளெட்ஜ் சதவீதத்த மட்டும் பாத்தேன், அதுக்கு நேர் மேல ஒரு விரக்கடை தூரத்துல இருந்த ப்ரமோட்டர் ஹோல்டிங்க பாக்கல. இத நினைச்சா இன்னும் தூக்கம் வர மாட்டேங்குது. ரெண்டையும் சதவீதத்துல பாக்காதீங்க, ஷேர் எண்ணிக்கையில பாருங்க, அடகு எவ்வளவு குறைஞ்சுதோ அதே அளவு ப்ரமோட்டர் ஷேரும் குறைஞ்சிருந்தா அது மீட்டதுதானான்னு சந்தேகப்படணும். இன்னொண்ணு, சில இடத்துல ப்ளெட்ஜ மொத்த கம்பெனி ஷேர்ல இத்தன சதவீதம்னு போடுறாங்க, அப்படி பாத்தா இதே 88 லட்சம் வெறும் 44 சதவீதம்தான், கேக்க சின்னதா இருக்கும். எக்ஸ்சேஞ்ச் பேட்டர்ன்ல ஒவ்வொருத்தர் பேருக்கு எதிர்லயும் அவங்க வச்சிருக்குறதுல எத்தன சதவீதம் அடகுன்னு இருக்கும், அததான் நம்பணும்.

அந்த "புதுசா உள்ள வந்த ஃபைனான்ஸ் கம்பெனி" விஷயம்தான் என்ன ரொம்ப காயப்படுத்துனது. பேட்டர்ன்ல பப்ளிக் பிரிவுல ஒரு சதவீதத்துக்கு மேல வச்சிருக்குறவங்க பேரெல்லாம் தனித்தனியா போட்டிருக்கும். அதுல அந்த ஃபைனான்ஸ் கம்பெனி பேர்ல 9 லட்சம் ஷேர் இருந்துச்சு. அவங்க வாங்கவே இல்லங்க. கடன் குடுத்தவங்களே அவங்கதான். 26 லட்சத்த இன்வோக் பண்ணி 17 லட்சத்த மார்க்கெட்ல கொட்டிட்டு மிச்சம் 9 லட்சத்த விக்கிறதுக்கு கையில வச்சிருந்தாங்க, அந்த மிச்சத்ததான் "பெரிய ஆளு வாங்குறாங்க"ன்னு எனக்கு சொன்னது. அப்ப அவங்க வித்த 17 லட்சத்த யார் வாங்குனதுன்னு பாத்தா, அதே தாள்ல சின்ன முதலீட்டாளருங்க எண்ணிக்கை ஒரே காலாண்டுல ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. அடுத்த காலாண்டு எண்ணிக்கையில நானும் ஒருத்தன்.

சரி, விலை இறங்கும்போது ப்ரமோட்டர் ஏன் கூடுதல் ஷேர் வைக்கல, அடகு போக 36 லட்சம் சும்மாதான இருந்துச்சுன்னு எனக்கும் சந்தேகம் வந்துச்சு. சும்மா இல்ல. இன்னொரு கடன்காரங்ககிட்ட அந்த 36 லட்சத்தையும் விக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு, என்.டி.யூன்னு சொல்றாங்க, அடகுன்னு பேர் இல்லாத அடகு. 2019ல இருந்து செபி இதையும் சேத்து வில்லங்கம்னுதான் கணக்கு வைக்குது, ப்ரமோட்டர் சொல்லித்தான் ஆகணும். நம்ம வீட்டு மனை வாங்குறப்ப வில்லங்க சான்று போட்டுப் பாக்காம யாராவது அட்வான்ஸ் குடுப்பமா, அதே மாதிரிதான். என் ஆப்ல ப்ளெட்ஜ்னு மட்டும் காட்டுச்சு, இது வரல. உண்மையில அவர்கிட்ட வில்லங்கம் இல்லாத ஷேர் ஒண்ணு கூட இல்ல.

இது எங்க கிடைக்கும்னா, அடகு வச்சாலும் மீட்டாலும் கடன்காரன் இன்வோக் பண்ணாலும் அந்த விவரம் எக்ஸ்சேஞ்ச்ல வந்தாகணும். கம்பெனி பேர போட்டு அறிவிப்புகள்ல SAST-னு தேடுனா வரும். அந்த தாள்ல வில்லங்கம் உருவாக்குனதா, விடுவிச்சதா, இன்வோக் ஆனதான்னு வெளிப்படையா எழுதியிருக்கும். எங்க கம்பெனிக்கு மார்ச் மாசத்துலயே ரெண்டு அறிவிப்பு இருந்துச்சு, ரெண்டுலயும் இன்வோக்னு இருந்துச்சு, விடுவிப்புன்னு ஒண்ணு கூட இல்ல. நான் வாங்குனது அதுக்கு ஒரு மாசம் கழிச்சு.

வில்லங்கம் ப்ரமோட்டர் ஹோல்டிங்ல பாதிய தொட்டாலோ மொத்த ஷேர்ல 20 சதவீதத்த தொட்டாலோ காரணத்தையும் தனியா எழுதணும்னு 2019லயே விதி வந்திருக்கு. அந்த தாள தேடி எடுத்தேன். கடன் 35 கோடி, வச்ச ஷேர் மதிப்பு அன்னைக்கு விலை 80க்கு 70 கோடி சொச்சம், விகிதம் 2. கடன் யாருக்குன்னு பாத்தா இந்த கம்பெனிக்கே இல்ல, முதலாளி குடும்பத்தோட வேற ஒரு கட்டுமான கம்பெனிக்கு. விலை 64க்கு வந்தா அதே 88 லட்சம் ஷேர் 56 கோடிதான், விகிதம் 1.6. அந்த 80ம் 2ம் கையில இருந்தா எந்த விலையில கடன்காரன் போன் பண்ணுவான்னு நம்மளே பேப்பர்ல போட்டு பாத்துடலாம். நல்லா ஓடுற தொழிற்சாலைதான், லாபமும் இருந்துச்சு, ஆனா ஷேர் விலைய முடிவு பண்ணது வேற ஊர்ல விக்காம நின்ன ஃப்ளாட்டுங்க.

இந்த விவரமெல்லாம் முன்ன வெளிய வராது. 2009 ஜனவரில சத்யம் கம்பெனி மோசடி வெளிய வந்தப்புறம்தான், அதுல ப்ரமோட்டர் ஷேரெல்லாம் அடகுல இருந்து கடன்காரங்க வித்தது தெரிஞ்சு, செபி ப்ளெட்ஜ கட்டாயம் சொல்லணும்னு கொண்டு வந்துச்சு. சின்ன கம்பெனிக்குத்தான் இப்படின்னும் நினைக்காதீங்க, 2019 ஜனவரி 25 அன்னைக்கு ஜீ என்டர்டெயின்மென்ட் ஷேர் ஒரே நாள்ல 26 சதவீதம் போல விழுந்துச்சு, அங்கயும் ப்ரமோட்டருங்க ஷேர் நிறைய அடகுல இருந்துச்சு. அதுல அன்னைக்கே நஷ்டத்துலயாவது வித்துட்டு வெளிய வர முடிஞ்சிருக்கும். என் ஷேருக்கு அதுவும் இல்ல. ஒரு நாளைக்கு 5 சதவீதத்துக்கு மேல விலைய இறங்க விடாத லோயர் சர்க்யூட், காலைல 9:15க்கு விக்கப் போட்டா எனக்கு முன்னாடி லட்சக்கணக்குல ஷேர் வரிசைல நிக்கும், வாங்க ஒரு ஆள் இருக்க மாட்டான். கடை கல்லால நின்னுகிட்டு பன்னெண்டு நாள் அத பாத்தேன். 31 ரூபாய்ல சர்க்யூட் ஒடைஞ்ச அன்னைக்குதான் விக்க முடிஞ்சுது. கடன்காரங்க கையில இருந்த 9 லட்சத்தோட சேத்து இன்னும் 22 லட்சத்த இன்வோக் பண்ணி வித்துட்டு இருந்திருக்காங்கன்னு அப்புறம் வந்த அறிவிப்புல இருந்துச்சு.

பாண்டி ஆபீஸுக்கு நேர்ல போய் மார்ச் மாச அறிவிப்பு ரெண்டையும் பிரிண்ட் எடுத்து மேசை மேல வச்சேன். "ஆப்ல காட்டுறததான தம்பி நான் சொன்னேன், வாங்க சொல்லி கட்டாயப்படுத்துனனா"ன்னாரு. செபில ரிசர்ச் அனலிஸ்டா பதிவு இருக்கான்னு கேட்டேன், INH-னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கும், அவர்கிட்ட இல்ல. ப்ரோக்கர் கம்பெனிக்கு மெயில் போட்டு பதில் சரியா வராததால செபியோட SCORES தளத்துல புகார் குடுத்திருக்கேன், அவர் அனுப்புன வாட்ஸப் மெசேஜ் எல்லாம் இணைச்சிருக்கேன். போன்ல சொன்னதுக்கு ஆதாரம் இல்ல, அதனால யாராவது டிப் குடுத்தா எழுத்துல அனுப்ப சொல்லுங்க.

ஜூன் காலாண்டு பேட்டர்ன் ஜூலைல வந்துச்சு. ப்ரமோட்டர்கிட்ட 76 லட்சம் ஷேர், 38 சதவீதம். அடகு 40 லட்சம், அதாவது 53 சதவீதம். நான் இன்னும் வெளிய வராத அவரோட வாட்ஸப் குரூப்ல அன்னைக்கு சாயந்திரமே மெசேஜ் வந்துச்சு, "ப்ளெட்ஜ் 71ல இருந்து 63, இப்ப 53, தொடர்ந்து குறையுது, 30க்கு கீழ கிடைச்சா விடாதீங்க"ன்னு. அதுக்கு கீழ நான் மூணு காலாண்டு ஷேர் எண்ணிக்கையும் இன்வோக் அறிவிப்பும் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க. அதுல கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர்காரங்க நிறைய பேர் இருக்காங்க, தெரிஞ்சவங்க யாராவது அந்த குரூப்ல இருந்தா இத அவங்களுக்கு அனுப்புங்க.