1.9 ஓடுகிறது, 2 ஓடவில்லை: ஃப்ரீகேடின் Thickness கட்டளையோடு நான்கு வருடம்

போன வாரம் ஒரு தம்பியிடமிருந்து செய்தி. "அண்ணே, சுவர் 1.9 வெச்சா ஓடுது, 2 வெச்சா ஓடல. கம்ப்யூட்டர் பிரச்சனையா?" கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். திறக்காமலே அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: `BRep_API: command not done`.

ஃப்ரீகேட் என்ற இலவச 3டி வரைவு மென்பொருளில், திடமான மாடலை மெல்லிய சுவர் கொண்ட கூடாக்கும் Thickness கட்டளை தோற்றால் வரும் வரி இது. நான்கு வருடமாக இந்த ஒரு வரியோடு எனக்குச் சண்டை. எந்தப் பரப்பில் சிக்கியது, எவ்வளவு தடிமன் வரை தாங்கும், ஒன்றும் சொல்லாது. வேலை முடியவில்லையாம். அது எனக்கே தெரிகிறதே!

தம்பியின் மாடல் சாதாரணமானது. கையில் பிடிக்கும் மீட்டருக்கு ஒரு மூடி, 120 × 60 × 28 மி.மீ. நான்கு செங்குத்து ஓரங்களையும் வளைவாக உருட்ட 8 மி.மீ. ஆரத்தில் ஃபில்லட், மேல் விளிம்பைச் சுற்றி 2 மி.மீ. ஃபில்லட். அடிப்பரப்பைத் திறந்து, உள்பக்கமாக 2 மி.மீ. சுவர் வேண்டும். பரப்புகள் சேரும் விதத்தை Arc-இலிருந்து Intersection என்று மாற்றியும் பார்த்திருக்கிறான். பலன் இல்லை.

ஷெல் என்றும் சொல்லும் இந்த Thickness கட்டளை நாம் நினைப்பது போலப் பொருளைக் குடைவதில்லை. வெளிப்பரப்புகள் ஒவ்வொன்றையும் சுவர்த் தடிமன் அளவுக்கு உள்ளே நகர்த்துகிறது. நகர்ந்த பரப்புகளை நீட்டி, வெட்டி, ஒன்றோடொன்று தைத்து உள்கூட்டை உண்டாக்குகிறது. தட்டைப் பரப்பு எவ்வளவு நகர்ந்தாலும் தட்டைதான். வெளியே புடைத்த வளைவு அப்படியில்லை, உள்ளே போகப் போக அதன் ஆரம் குறையும். 8 மி.மீ. மூலை உள்ளே 6 ஆகும், தொல்லையில்லை. மேல் விளிம்பின் 2 மி.மீ. ஃபில்லட், 1.9 சுவருக்கு 0.1 ஆரத்தோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். 2 என்றதும் ஆரம் பூச்சியம். நீளம் உண்டு, அகலம் இல்லை என்ற நிலையில் அந்தப் பரப்பு வெறும் கோடாகிவிடுகிறது. தைக்க ஊசி இருக்கிறது, துணி இல்லை. 2.5 கொடுத்தால் இன்னும் மோசம், வளைவு தன்னைத் தானே தாண்டி மறுபக்கம் புரண்டுவிடும்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். காணாமல் போன பரப்பை விட்டுவிட்டு, மேல்தளத்தையும் பக்கச் சுவரையும் நீட்டி நேராக முட்டவைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் சில, எளிய வடிவங்களில் இதைச் செய்துவிடும். ஃப்ரீகேடுக்கு அடியில் இருந்து வடிவக் கணக்குப் போடும் ஓப்பன் கேஸ்கேட் கர்னலை இந்த விஷயத்தில் நம்ப முடியாது.

தம்பிக்கு நான் சொன்ன தீர்வு அரை நிமிட வேலை. மேல் ஃபில்லட்டை அழி. 8 மி.மீ. மூலைகளோடு நிறுத்தி, Thickness போடு. அது முடிந்த பிறகு வெளி மேல் விளிம்பைத் தேர்ந்தெடுத்து 2 மி.மீ. ஃபில்லட் கொடு. செய்தான், ஓடியது. எனக்கு இதில் பிடித்தது, இது சமாளிப்பே இல்லை என்பதுதான். உள்மூலை கூராக இருக்கிறது. வெளி வளைவின் மையம் சரியாக அந்தக் கூர்முனையிலேயே விழுகிறது. ஆகவே மூலையிலும் சுவர் எல்லா இடத்திலும் அதே 2 மி.மீ.தான். ஷெல் ஒழுங்காக வேலை செய்திருந்தால் எது வந்திருக்குமோ, அதுவேதான் கிடைத்தது.

ஆனால் இதையே எல்லா ஆரத்துக்கும் செய்யக் கூடாது. அதே 2 மி.மீ. சுவரில், ஷெல்லுக்குப் பிறகு வெளியே 3 மி.மீ. ஃபில்லட் போட்டால் மூலையில் சுவர் 1.59-க்கு மெலியும். 5 மி.மீ. போட்டால் 0.76. கிட்டத்தட்ட 6.8-இல் ஓட்டையே விழும். எதிர்த்திசையில் 1 மி.மீ. ஃபில்லட் என்றால் மூலையில் 2.41 தங்கும், 3டி பிரிண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆக, சுவரைவிடப் பெரிய ஆரங்களை ஷெல்லுக்கு முன் போடுவேன், சுவருக்குச் சமமானதையும் சிறியதையும் பின்னால். வெளிப்பக்கமாகத் தடிமன் கூட்டினால் கணக்கு தலைகீழ்: அப்போது உள்ளே குழிந்த ஃபில்லட்டுகள்தான் செத்துப்போகும்.

இதுவரை நல்ல பிள்ளை. என் பொறுமையைச் சோதித்தது வேறு ஒன்று: ஸ்ப்லைன் வளைவுகளால் வரைந்த குறுக்குவெட்டுகளை இணைத்து லாஃப்ட் செய்த ஒரு கைப்பிடி. அதில் ஃபில்லட்டே கிடையாது. ஆனாலும் 2 மி.மீ.க்கு அதே வரி.

இந்த மாதிரி நேரத்தில் நான் தடிமனை இறக்கிப் பார்ப்பேன். 0.1 ஓடியது. 1 ஓடியது. 1.5 இல்லை. 1.2 ஓடியது, 1.3 இல்லை. அப்படியானால் எங்கோ ஒரு வளைவின் ஆரம் 1.2-க்கும் 1.3-க்கும் நடுவில் இருக்கிறது என்று பொருள். 0.01 கூட ஓடாவிட்டால் அது வளைவுக் கோளாறே அல்ல. மயிரிழை அகலத்தில் ஒரு பரப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது இரண்டு பரப்புகள் தொட்டும் தொடாமலும் சேர்ந்திருக்கும். அதைத் தேடுவது வேறு வேலை.

ஸ்கெட்சில் ஸ்ப்லைனின் வளைவுச் சீப்பைக் காட்டச் சொன்னேன். வளைவு இறுக இறுக, அதாவது ஆரம் குறையக் குறைய, அங்கே சீப்பின் பல் நீளும். கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பல் மட்டும் முள் மாதிரி நீண்டு நின்றது. என்றைக்கோ அழகு பார்த்து நான் செருகிய ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி. கண்ணுக்கு அங்கே வளைவு சீராகத்தான் தெரிந்தது. புள்ளியை எடுத்தேன், 2 ஓடியது. குற்றவாளி நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டியிருந்தால் என் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வளைவை மாற்றவே முடியாது என்றால் ஷெல்லை மறந்துவிட்டு உள்கூட்டைத் தனியாகச் செய்வேன். ஒவ்வொரு குறுக்குவெட்டு ஸ்கெட்சையும் உள்ளே நகர்த்தி, இரண்டாவது லாஃப்ட் போட்டு, வெளி உடலிலிருந்து கழித்துவிடுவது. இதில் ஒரு பள்ளம் உண்டு. ஸ்கெட்ச் தளத்தில் 2 மி.மீ. நகர்த்தினால் சுவர் 2 வராது. பரப்பு அச்சுக்கு 45 பாகை சாயும் இடத்தில் 1.41தான் வரும், அங்கே 2.8 நகர்த்த வேண்டும். திறந்த வாய்ப்பக்கம் உள்கூடு ஒரு மி.மீ.யாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், இரண்டு முகங்களும் ஒரே தளத்தில் விழுந்தால் கழித்தலும் முரண்டு பிடிக்கும்.

அப்புறம், பிழை காட்டாமல் முடிந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். Part பக்கம் போய் Check Geometry ஓட்டுங்கள். ஒரு முறை பிழையே வராமல் முடிந்த ஷெல் தன்னைத் தானே வெட்டிக்கொண்டிருந்தது. பிரிண்டுக்காக மாடலை அடுக்கடுக்காக வெட்டும் ஸ்லைசரில் ஒரு பக்கச் சுவரைக் காணவில்லை என்றபோதுதான் தெரிந்தது.

தீர்ப்பு? நேரான பெட்டிகளுக்கு நான்கு வருடத்தில் இது என்னை ஏமாற்றியதே இல்லை. இலவசம், வேகம், ஒரே கிளிக். அதற்கெல்லாம் நான்கு நட்சத்திரம் நியாயம்தான். இன்றைக்கு இரண்டுதான் தருவேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தம்பி அடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியிருக்கிறான். அதே வரி. இந்த முறை 0.01-க்கும் ஓடவில்லையாம்.